வீட்டுக்கு வரும் சிஸ்டரின் நேரத்தை மாற்றும்போது: செய்தியும் ஹேண்டோவர் குறிப்பும் எழுதும் முறை

"சிஸ்டர், நாளைக்கு காலை 9 மணிக்கு வந்தா போதும்."

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டருக்கு ஒருமுறை இப்படித்தான் அனுப்பினேன். அனுப்பியபோது இரவு 12:10. நான் இன்னும் தூங்கப் போகவில்லை, அதனால் என் கணக்கில் 'நாளை' என்பது விடியப்போகும் பொழுது. சிஸ்டர் அதைக் காலை 6 மணிக்குப் பார்த்தார். அவருக்கு 'நாளை' என்றால் மறுநாள். வழக்கம்போல 7:30க்கு வந்து மணி அடித்தார். அவர் 9 மணிக்குத்தானே வருவார் என்று நான் வெளியே போயிருந்தேன். உள்ளே படுத்திருந்த அம்மாவுக்கு மணிச் சத்தம் கேட்டது, எழுந்து வந்து திறக்கத்தான் முடியவில்லை. சிஸ்டர் பத்து நிமிடம் நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அன்று அம்மாவுக்கு இன்சுலின் போட்டது 10:40க்கு, காலைச் சாப்பாடு 11 மணிக்கு மேல்.

தேதி போடாதது என் தப்பு. அதைவிடப் பெரிய தப்பை அப்புறம்தான் உணர்ந்தேன். ஒருவேளை தேதி சரியாகவே இருந்து அவர் 9 மணிக்கு வந்திருந்தாலும், இன்சுலினும் சாப்பாடும் ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போயிருக்கும். அதைப் பற்றி நான் யாரிடமும் கேட்கவில்லை, யோசிக்கவும் இல்லை. சிஸ்டர் வரும் நேரத்தை மாற்றினால் அந்த நேரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் அத்தனையும் கூடவே நகரும். எது எது நகருகிறது என்று பார்த்து முடித்த பிறகுதான் செய்தியை எழுதத் தொடங்க வேண்டும்.

இதற்குப் பிறகு ஒரு ஜூலை மாதம் திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாள் வெளியூர் போக வேண்டி வந்தது. அப்போது செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். அம்மாவுக்கு 78 வயது. சர்க்கரை உண்டு. காலையும் இரவும் கலப்பு இன்சுலின், சிஸ்டர்தான் போடுவார். இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை ஆனதால் வாக்கரும் ஓர் ஆள் பிடியும் இல்லாமல் நடக்க முடியாது. வால் எலும்புக்கு மேல் சின்னதாக ஒரு படுக்கைப் புண். சிஸ்டர் வருவது காலை 7:30, மாலை 7:00. நான் இல்லாத நாட்களில் சித்தி கூட இருப்பார், ஆனால் அவரால் அம்மாவைத் தூக்கவோ திருப்பவோ முடியாது. அதைச் செய்யக்கூடிய தம்பி, இரவு டியூட்டி முடிந்து காலை 8:30க்குத்தான் வருவான். ஆகவே காலை வருகையை 9 மணிக்கு மாற்ற வேண்டியிருந்தது.

முதலில்: கடிகாரத்தோடு கட்டியிருப்பது எது?

ஒரு தாளில் சிஸ்டர் வரும்போது செய்கிற வேலைகளை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது சாப்பாட்டோடு கட்டியதா, முந்தைய வேளையோடு கட்டியதா, எதோடும் கட்டாததா என்று குறியுங்கள். எதோடும் கட்டாதவை சுலபம். குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, குறித்த நாளில் மாற்றும் டிரெசிங் எல்லாம் இரண்டு மணி நேரம் முன்பின் ஆனால் ஒன்றும் ஆகாது.

சாப்பாட்டோடு கட்டியவை அப்படியில்லை. அம்மாவுக்குப் போடும் கலப்பு இன்சுலினைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டும். இன்னொரு வகைக் கலப்பு இன்சுலின் இருக்கிறது, அது சாப்பிட உட்காருவதற்குச் சற்று முன் போடுவது. உங்கள் வீட்டில் இருப்பது எது என்று சிஸ்டரிடமோ டாக்டரிடமோ தெரிந்துகொள்ளுங்கள். ஊசி 9 மணிக்கு என்றால் சாப்பாடு 9:30. அதுவரை பசி தாங்காமல் 7:30க்கே சாப்பிட்டுவிட்டால் ஊசி சாப்பாட்டுக்குப் பின்னால் போய்விடும். இந்த இன்சுலினில் மெதுவாக வேலை செய்யும் பங்கு ஒன்று உண்டு. அது மதியத்தில் நன்றாக வேலை செய்யும் என்பதால் மதியச் சாப்பாட்டையும் இழுத்தடிக்க முடியாது. தைராய்டு மாத்திரையும் இதே வகைதான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும்.

முந்தைய வேளையோடு கட்டியதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. காலை வருகையை மட்டும் 9க்கு மாற்றிவிட்டு மாலையை 7லேயே விடுவதுதான் எனக்கு முதலில் தோன்றியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய நேரத்தில் இரண்டு ஊசிகளுக்கும் நடுவே பகலில் 11½ மணி நேரம். புதிதில் 10 மணி நேரம். காலை ஊசியின் வேலை முழுதாக அடங்கும் முன்பே இரவு ஊசி அதன் மேல் ஏறிவிடும். அன்றைக்கு இரவுச் சாப்பாடும் குறைந்துவிட்டால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கலாம். தூக்கத்தில் இறங்குவதை வீட்டில் யாரும் கவனிக்க மாட்டார்கள். மாலையையும் 8க்குத் தள்ளினால் 11 மணி நேரம் கிடைக்கிறது.

இன்னொன்று, மாற்றத்தின் இரண்டு ஓரங்களையும் பார்க்க வேண்டும். ஞாயிறு இரவு ஊசி பழைய நேரத்தில், 7 மணிக்கு. திங்கள் காலை ஊசி புது நேரத்தில், 9 மணிக்கு. நடுவே 14 மணி நேரம். முடியும்போது வியாழன் இரவு 8, வெள்ளி காலை 7:30, அதாவது 11½. நடுவில் உள்ள நாட்கள் ஒரே மாதிரி ஓடிவிடும், சறுக்கல் வருவது பெரும்பாலும் இந்த முதல் நாளிலும் கடைசி நாளிலும்தான்.

நடுக்கவாத நோய்க்கான மாத்திரை, வேளை கணக்கில் கொடுக்கும் ஆன்டிபயாடிக், வலி மாத்திரை ஆகியவையும் இப்படி வேளையோடு கட்டியவையே. நீர் பிரிய வைக்கும் மாத்திரை வேறு விதத்தில் வம்பு பண்ணும். காலையில் கொடுப்பதை மாலைக்குத் தள்ளினால் ராத்திரி முழுக்கக் கழிப்பறைக்கு எழ வேண்டி வரும். இருட்டில் எழுகிற வயதானவர் விழுந்துவிடலாம்.

டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி

சிஸ்டருக்கு எழுதும் முன் டாக்டரிடம் கேளுங்கள். இன்சுலின் நேரத்தையோ அளவையோ சிஸ்டர் தானாக மாற்ற முடியாது. நாமும் மாற்றக் கூடாது. "நேரம் கொஞ்சம் மாத்தலாமா டாக்டர்?" என்று கேட்டால் "கொஞ்சம்தானே, பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். கேள்வியிலேயே எண்கள் இருக்க வேண்டும். நான் கேட்டது இது:

> டாக்டர், அம்மாவுக்கு ஜூலை 14 முதல் 17 வரை நான்கு நாள் மட்டும் காலை இன்சுலின் 7:30க்குப் பதில் 9:00, இரவு இன்சுலின் 7:00க்குப் பதில் 8:00 போடலாமா? சாப்பாடு இரண்டு வேளையும் ஊசிக்கு அரை மணி கழித்து. ஞாயிறு இரவு 7க்குப் போட்டது, திங்கள் காலை 9 வரை இடைவெளி 14 மணி நேரம் வரும். அளவு அதே 16, 10 யூனிட்தானா? ஊசிக்கு முன் சர்க்கரை எவ்வளவு இருந்தால் போடாமல் உங்களைக் கேட்க வேண்டும்?

அளவு அதேதான், நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், ஊசிக்கு முன் 100க்குக் கீழே இருந்தால் போடாமல் கூப்பிடுங்கள், நான்கு நாளும் தூங்கும் முன் ஒருமுறை சர்க்கரை பாருங்கள் என்று பதில் வந்தது. இது அம்மாவுக்கு அவருடைய டாக்டர் சொன்னது. உங்கள் வீட்டுக்கு எண்கள் வேறாக இருக்கும்.

சிஸ்டருக்கு: முதலில் கேட்பது, அப்புறம் எழுதுவது

சிஸ்டருக்கு நம் வீடு ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறோம். அவருக்குக் காலையில் நான்கைந்து வீடுகள் இருக்கலாம். அவற்றிலும் ஊசி போட வேண்டியவர் ஒருவர் இருப்பார். 7:30க்கும் 9க்கும் நடுவே அவர் போகிற வீட்டை நம் மாற்றம் இடித்துத் தள்ளும். ஆகவே போனில் கூப்பிட்டுக் கேட்டுவிடுவது நல்லது, குறைந்தது மூன்று நாள் முன்னால். இரண்டு நேரங்களைச் சொல்லி எது முடியும் என்று கேளுங்கள். "ட்ரை பண்றேன்" என்பது சம்மதம் ஆகாது. "பார்த்துட்டு எப்ப சொல்லுவீங்க சிஸ்டர்?" என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். அவருக்கு முடியாவிட்டால் வேறு ஏற்பாட்டுக்கு உங்களுக்கு நேரம் வேண்டும். சிஸ்டர் ஏஜென்சி வழியாக வருபவர் என்றால் ஏஜென்சிக்கும் அதே செய்தியைத் தனியாக அனுப்ப வேண்டும். ஒரு நாள் அவர் லீவு போட்டு மாற்று ஆள் வந்தால், அந்த ஆளுக்குப் பழைய நேரம்தான் தெரிந்திருக்கும்.

பேசி முடிவான பிறகு எழுத்தில் அனுப்புங்கள். குரல் பதிவாக வேண்டாம். குரலில் 'ஏழரை' 'எட்டரை' ஆகக் கேட்கும். வண்டி ஓட்டிக்கொண்டே ஒருமுறை கேட்டுவிட்டு, திரும்பக் கேட்காமலே விட்டுவிடுவார்கள். நேரம் மாறும் செய்தியையும், அம்மாவின் இன்றைய நிலவரத்தை ஒப்படைக்கும் ஹேண்டோவர் குறிப்பையும் ஒன்றாகவும் அனுப்ப வேண்டாம். முதலாவதற்குப் பதில் வர வேண்டும். இரண்டாவது படித்து வைத்துக்கொள்ள வேண்டியது. இரண்டையும் சேர்த்தால் செய்தி நீளமாகி, நேரம் அதற்குள் புதைந்துபோகும்.

நான் அனுப்பிய முதல் செய்தி:

> வணக்கம் சிஸ்டர். அம்மாவுக்கு வரும் நேரம் நான்கு நாளுக்கு மாறுகிறது.
>
> ஜூலை 14 திங்கள் முதல் ஜூலை 17 வியாழன் வரை
> காலை 9:00 (வழக்கமாக 7:30)
> இரவு 8:00 (வழக்கமாக 7:00)
> ஜூலை 18 வெள்ளி காலை முதல் பழையபடி 7:30, 7:00.
>
> காரணம்: நான் ஊரில் இல்லை. அம்மாவைத் தூக்கித் திருப்பத் தம்பி காலை 8:30க்குத்தான் வருவான். சித்தி கதவு திறப்பாங்க.
>
> இன்சுலினும் இதே நேரத்துக்கு மாறுது. டாக்டரிடம் கேட்டாச்சு, அவர் பதிலை அடுத்து அனுப்புறேன். அளவில் மாற்றம் இல்லை. நீங்க வரும் வரை சாப்பாடு கொடுக்க மாட்டாங்க. காலையும் இரவும் இன்சுலின் நீங்க மட்டும்தான் போடணும், வீட்டில் யாரும் போட மாட்டாங்க.
>
> 20 நிமிஷத்துக்கு மேல் லேட் ஆகும்னா தம்பிக்கு ஒரு போன் பண்ணிடுங்க. அவன் நம்பரைத் தனியா அனுப்பியிருக்கேன்.
>
> தேதியையும் நேரத்தையும் நீங்க புரிஞ்சுகிட்டபடி ஒரு வரி எழுதி அனுப்புங்க சிஸ்டர்.

இதில் சில வரிகள் அங்கே ஏன் இருக்கின்றன என்று சொல்ல வேண்டும். தேதியும் கிழமையும் சேர்ந்தே வருகின்றன. ஒன்றை நான் தப்பாக அடித்தாலும் மற்றது இடிக்கும், சிஸ்டர் திருப்பிக் கேட்பார். 'நாளை', 'நாளன்னைக்கு', 'அடுத்த வியாழன்' மூன்றையும் தவிர்த்துவிட்டேன். வியாழக்கிழமை செய்தியில் 'அடுத்த வியாழன்' என்று எழுதினால்கூடப் பரவாயில்லை, செவ்வாயன்று எழுதினால் அது இரண்டு நாளில் வருவதா, ஒன்பது நாளில் வருவதா என்று பாதிப் பேருக்குக் குழப்பம். '8 - 9 மணிக்குள்' என்றும் எழுதாதீர்கள். நீங்கள் 8 என்று நினைப்பீர்கள், வருபவர் 9 என்று நினைப்பார், இடையில் ஒரு வயிறு பசித்திருக்கும்.

பழைய நேரத்தைப் பக்கத்தில் போட்டது எது மாறுகிறது என்று தெரிய. காரணத்தை ஒரே வரியில் சொன்னது இன்னொரு விஷயத்துக்காக. தம்பி வந்த பிறகுதான் அம்மாவைத் திருப்ப முடியும் என்பது தெரிந்தால், ஒருநாள் சிஸ்டர் 8:15க்கே வந்துவிட்டாலும் சித்தியைக் கொண்டு தூக்க முயல மாட்டார்.

எல்லாவற்றிலும் முக்கியமான வரி, இன்சுலின் யார் போடுவது என்பது. ஆள் மாறும் வீட்டில் நிஜமான ஆபத்து மருந்து விடுபடுவதைவிட இரண்டு முறை போவதுதான். சிஸ்டர் வரக் காணோம் என்று வீட்டில் ஒருவர் போட்டுவிடுவார். பின்னாலேயே சிஸ்டர் வந்து, வழக்கம்தானே என்று இன்னொரு முறை போட்டுவிடுவார். ஞாபகம் குறைந்த வயதானவரிடம் "போட்டாச்சாம்மா?" என்று கேட்டால் இரண்டு விதமாகவும் பதில் வரும். எங்கள் அம்மா, கேட்பவர் முகத்தைப் பார்த்துத்தான் பதிலையே முடிவு செய்வார்.

கதவுக்குப் பூட்டு எண் இருக்கும் வீடு என்றால் அதை இந்தச் செய்தியில் எழுதாதீர்கள். முகவரி, ஆள் இல்லாத தேதிகள், பூட்டு எண் மூன்றும் ஒரே திரையில் இருப்பது நல்லதல்ல. போனில் சொல்லிவிடுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டாம். அம்மாவின் புண் பற்றி ஒன்றுவிட்ட மாமாவுக்குத் தெரிய வேண்டியதில்லை, சிஸ்டர் மட்டும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் பத்துப் பேர் பதில் சொல்வார்கள்.

கடைசி வரி, அதாவது திரும்ப எழுதச் சொன்னது, கொஞ்சம் அதிகாரம் மாதிரித் தெரியலாம். மருத்துவமனைகளில் போனில் மருந்து சொன்னால் கேட்டவர் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது பழக்கம், ஆகவே சிஸ்டர்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நீல டிக் வந்தால் திரையில் செய்தி திறந்தது என்று மட்டுமே அர்த்தம். கட்டைவிரல் படமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எங்கள் சிஸ்டர் எழுதிய பதில் இது: "14 திங்கள் டு 17 வியாழன் காலை 9 நைட் 8. 18 காலை 7.30. ஓகேவா?" இதைப் பார்த்த பிறகுதான் பெட்டி கட்டினேன்.

ஹேண்டோவர் குறிப்பு

மருத்துவமனையில் ஷிப்ட் மாறும்போது ஒரு சிஸ்டர் அடுத்த சிஸ்டரிடம் ஒப்படைப்பதைப் போலத்தான் இதுவும். ஒரே வித்தியாசம், இங்கே சிஸ்டருக்கு அம்மாவை ஏற்கெனவே தெரியும். மாறுவது வீட்டில் இருக்கும் ஆட்கள். ஆகவே குறிப்பு அம்மாவின் வரலாறாக இருக்க வேண்டாம். கடந்த இரண்டு மூன்று நாளில் என்ன மாறியது, எது செய்து முடிந்தது, எது பாக்கி என்பது போதும். இதே குறிப்பைத் தம்பிக்கும் சித்திக்கும் அனுப்பினேன், ஒரு பிரதி எழுதிக் கட்டில் பக்கத்தில் ஒட்டினேன்.

குறிப்பைப் புறப்படுவதற்கு முந்தைய இரவு எழுதுங்கள், எந்த மணி நிலவரம் என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். மூன்று நாள் முன்னால் எழுதிய குறிப்பில் புண்ணும் பசியும் பழையதாகியிருக்கும்.

> ஹேண்டோவர். ஜூலை 13 ஞாயிறு, இரவு 9 மணி நிலவரம்.
>
> புதிது: இடது குதிகாலில் சிவப்பு, இன்று மாலைதான் பார்த்தேன். ரூபாய் நாணயம் அளவு. விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்கவில்லை. தோல் கிழியவில்லை. காலுக்கடியில் தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தூக்கியிருக்கு. திங்கள் காலை நீங்க பார்த்துச் சொல்லணும்.
>
> சாப்பாடு: சனி இரவும் ஞாயிறு மதியமும் பாதிதான். ஞாயிறு இரவு முழுசா சாப்பிட்டாங்க. காய்ச்சல் இல்லை.
>
> சர்க்கரை ஞாயிறு: காலை ஊசிக்கு முன் 138, இரவு ஊசிக்கு முன் 121.
> இன்சுலின் ஞாயிறு: காலை 16 யூனிட் போட்டாச்சு, இரவு 10 யூனிட் 7:05க்குப் போட்டாச்சு. அடுத்தது திங்கள் காலை 9:00.
> ஊசிக்கு முன் 100க்குக் கீழே இருந்தால் போடாமல் டாக்டரைக் கூப்பிடணும்.
>
> தைராய்டு மாத்திரை: சித்தி காலை 8:00க்குக் கொடுப்பாங்க. நீங்க கொடுக்க வேண்டாம்.
>
> வால் எலும்புப் புண்: 2 செ.மீ. நீளம், 1.5 செ.மீ. அகலம். மேல்தோல் மட்டும். கசிவு கொஞ்சம், வாடை இல்லை. டிரெசிங் மாற்றியது ஜூலை 12 சனி. அடுத்தது ஜூலை 15 செவ்வாய். நனைந்தாலோ ஓரம் பிரிந்தாலோ முன்பே.
>
> மோஷன் கடைசியாக ஜூலை 11 வெள்ளி.
>
> நடக்க: வாக்கர், கூட ஒரு ஆள் பிடி. தம்பி இல்லாமல் எழுப்ப வேண்டாம்.
>
> பென்சிலின் ஒத்துக்காது.
>
> பாக்கி: இன்சுலின் பேனா ஊசி 6தான் இருக்கு, நான்கு நாளுக்கு 8 வேணும். தம்பி திங்கள் வாங்குவான்.

புதிதாக வந்ததை மேலே போட்டேன். பழைய புண்ணை மேலே போட்டுக் குதிகாலைக் கடைசியில் சொன்னால், குதிகாலை யாரும் பார்க்க மாட்டார்கள். அழுத்தி எடுத்ததும் வெளுக்காத சிவப்பு என்பது படுக்கைப் புண்ணின் முதல் படி. தோல் கிழியும் முன் கிடைக்கும் முக்கியமான எச்சரிக்கை அது. கருத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அப்போது கையால் தொட்டுப் பாருங்கள், சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் அதையே எழுதுங்கள். தேய்த்துவிட வேண்டாம், அடிபட்ட தோலுக்குத் தேய்ப்பது கெடுதல்.

'கொஞ்சம் டல்லா இருக்காங்க', 'புண்ணு பரவாயில்லை' போன்ற வாக்கியங்களால் சிஸ்டருக்கு ஒரு பயனும் இல்லை. நாளைக்கு அவர் பார்ப்பதோடு ஒப்பிட ஏதாவது வேண்டும். பாதிச் சாப்பாடு, 2 செ.மீ., 'கூப்பிட்டதும் விழித்தார்', 'இரண்டு முறை தட்டி எழுப்ப வேண்டியிருந்தது' என்றால் ஒப்பிடலாம். புண்ணைப் படம் எடுத்தால் பக்கத்தில் ஸ்கேல் வையுங்கள். முகம் வராமல் எடுங்கள். எடுக்கும் முன் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், அது அவர் உடம்பு.

எழுதும் விதத்தில் இரண்டு சின்ன விஷயம். யூனிட் என்பதை முழுதாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் அது சுழியம் மாதிரித் தெரிந்து 10 என்பது 100 ஆகிவிடும். உலகெங்கும் மருத்துவமனைகளில் இந்தச் சுருக்கத்தைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். இன்னொன்று நம் பேச்சுக்கே உரிய வம்பு. 'மில்லி' என்று நாம் மில்லிகிராமையும் சொல்கிறோம், மில்லிலிட்டரையும் சொல்கிறோம். டானிக்கோ சிரப்போ இருந்தால் மி.லி. என்றும், மாத்திரைக்கு மி.கி. என்றும் பிரித்து எழுதுங்கள். 'காலை மாத்திரை' என்று மட்டும் எழுதாமல் மருந்தின் பெயரை அட்டையில் இருப்பதைப் பார்த்து எழுதுங்கள்.

அந்த நாட்களில்

கட்டில் பக்கத்தில் ஒரே ஒரு நோட்டு. மருந்து எது கொடுத்தாலும், ஊசி எது போட்டாலும், போட்ட கையோடு நேரமும் பெயரின் முதல் எழுத்தும். நோட்டில் இல்லாவிட்டால் போடவில்லை என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் இன்சுலினில் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகம் வந்தால் முன்னால் இருந்தவரைக் கூப்பிட்டுக் கேட்ட பிறகே அடுத்த ஊசி.

சிஸ்டர் வரவே முடியாமல் போனால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். எங்கள் ஏற்பாடு: 9:20 வரை போன் இல்லை என்றால் தம்பி சிஸ்டரைக் கூப்பிடுவான், 9:40 வரை கிடைக்கவில்லை என்றால் ஏஜென்சியை, அதுவும் இல்லை என்றால் டாக்டரை. விட்டுப்போன ஊசிக்குச் சேர்த்து அடுத்ததில் கூட்டிப் போடுவது என்ற பேச்சே கிடையாது.

சர்க்கரை இறங்குவதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சித்திக்கு நேரில் காட்டினேன். வியர்வை, நடுக்கம் எல்லாம் வயதானவர்களிடம் தெரியாமலே போகலாம். சம்பந்தமில்லாமல் பேசுவது, திடீரென்று எரிச்சல், பகலில் எழுப்ப முடியாத தூக்கம் இவைதான் முதலில் தெரியும். கருவியில் 70க்குக் கீழே காட்டினால் குறைவு, mmol/L என்று காட்டும் கருவியாக இருந்தால் 3.9க்குக் கீழே. நினைவோடு விழுங்கும் நிலையில் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். நினைவில்லை என்றால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நேராக ஆம்புலன்ஸ்.

திங்கள் காலை சிஸ்டர் 9:05க்கு வந்தார். ஊசிக்கு முன் சர்க்கரை 164. 14 மணி நேர இடைவெளிக்கு அது எதிர்பார்த்ததுதான். குதிகாலைப் பார்த்துவிட்டு, சிவப்பு கொஞ்சம் மங்கியிருக்கிறது, தலையணையை எடுக்காதீர்கள் என்று எழுதினார். செவ்வாய் இரவு 10:30க்கு, தூங்கும் முன் பார்த்ததில் 92. சித்தி பயந்து என்னைக் கூப்பிட்டார். அம்மா அன்று இரவுச் சாப்பாட்டில் கால்வாசியை வைத்துவிட்டிருந்தார். டாக்டரைக் கேட்டு, தூங்கும் முன் சிறிது சாப்பிட வைத்து, இரவு 2 மணிக்கு அலாரம் வைத்துத் திரும்பப் பார்த்தார்கள். 117. புதன் காலை சிஸ்டர் வருவதற்குள் இந்த மூன்று வரியும் நோட்டில் இருந்தது, அவரும் அதைப் படித்துவிட்டுத்தான் ஊசியை எடுத்தார்.

பழைய நேரத்துக்குத் திரும்பும்போது

முதல் செய்தியிலேயே திரும்பும் தேதியைச் சொல்லியிருந்தாலும், முந்தைய நாள் இன்னொரு வரி அனுப்பியே ஆக வேண்டும். நான்கு நாளில் புது நேரம் பழகிவிடும், சிஸ்டரும் அந்த 7:30 இடத்தில் வேறு வீட்டை வைத்திருப்பார். வியாழன் மதியம் ரயிலில் இருந்தபடி அனுப்பினேன்:

> சிஸ்டர், இன்று ஜூலை 17 வியாழன் இரவு 8:00, இதுதான் கடைசி. நாளை ஜூலை 18 வெள்ளி காலை 7:30, பழையபடி. நான் இன்று இரவு வந்துடுவேன், காலையில் நானே கதவு திறப்பேன். டிரெசிங் அடுத்தது என்னைக்குன்னு மட்டும் நோட்டில் எழுதிட்டுப் போங்க.

பதில் ஆறு நிமிடத்தில் வந்தது: "18 வெள்ளி காலை 7.30 சரி. டிரெசிங் அடுத்தது 18. குதிகால் நார்மல்."